பஃபி – ஏஞ்சல்: எந்தத் தகவல் மற்றத் தொடருக்கும் போகிறது, எது போகவில்லை?

கயல்விழி

காட்டேரி வேட்டைக்காரி பஃபி, அவள் காதலித்த காட்டேரி ஏஞ்சல் இருவரின் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் சேர்த்து ஒரே காலவரிசை தொகுக்கிறேன். ஏஞ்சல் தனித்தொடராகப் பிரிந்த 1999 அக்டோபரிலிருந்து பஃபி முடிந்த 2003 மே வரைதான் எல்லை. சம்பவங்களை வரிசைப்படுத்துவதில் பெரிய சிரமமில்லை, பெரும்பாலும் ஒளிபரப்பான தேதியே வழிகாட்டிவிடுகிறது. சிக்கல் வேறு இடத்தில். ஒரு தொடரில் நடந்த விஷயத்தை மற்றத் தொடரின் கதாபாத்திரத்துக்கும் சேர்த்து எப்போது எழுதலாம், எப்போது எழுதக் கூடாது?

நான் முட்டி நிற்கிற இடம் ஏஞ்சல் முதல் சீசன் 8ஆம் எபிசோடு, ‘ஐ வில் ரிமெம்பர் யூ’. ஒரு அரக்கனின் ரத்தம் கலந்து ஏஞ்சல் மனிதனாகிவிடுகிறான். அந்த நாளை பஃபியோடு கழிக்கிறான். பிறகு காலமே திருப்பப்பட்டு அந்த நாள் நடக்காததாகிவிடுகிறது. இது பஃபியின் வரிசையில் வருமா, வராதா?

தொடர்பித்தன்

இதுல குழப்பமே இல்லைங்க. ரெண்டும் ஒரே உலகம், உருவாக்கினதுல ஜாஸ் வீடன் ரெண்டுக்கும் பொது. அதனால இங்க நடந்தது அங்கயும் நடந்ததுதான், முழுசா செல்லும். நீங்க சொல்ற எபிசோடு மட்டும் விதிவிலக்கு. அந்த நாள் அழிஞ்சு போச்சு. அதனால அதை அட்டவணையிலிருந்தே தூக்கிடுங்க.

சேந்தன்

தொடர்பித்தன் சொன்னதில் முதல் பாதி சரி. ஒரே உலகம் என்பதில் சந்தேகமில்லை. காட்டேரி அழைப்பில்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது, முழு மகிழ்ச்சி வந்தால் ஏஞ்சலின் ஆன்மா போய்விடும் என்ற விதிகளை இரண்டாவது தொடர் யாரிடமும் கேட்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரே உலகத்தில் நடந்தது என்பதும், அந்த உலகத்தில் இருக்கிற இவருக்கு அது தெரியும் என்பதும் ஒன்றல்ல. நீங்கள் ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இது நடந்ததா? நடந்தது யாருக்குத் தெரியும்?

முதலில் சுலபமான ஒன்று, அமாரா மோதிரம். 1999 அக்டோபர் 19 அன்று இரண்டு தொடரிலும் அடுத்தடுத்து ஒளிபரப்பானது. பஃபி 4ஆம் சீசன் 3ஆம் எபிசோடில் ஸ்பைக் என்ற காட்டேரி அதைத் தோண்டி எடுக்கிறான். அதை அணிந்த காட்டேரியை வெயிலும் எரிக்காது, மரக்கட்டையும் கொல்லாது. பஃபி அதை அவன் விரலிலிருந்து பிடுங்கி, ஏஞ்சலிடம் சேர்க்கச் சொல்லி நண்பன் ஓஸிடம் கொடுத்து அனுப்புகிறாள். அதே இரவு ஏஞ்சல் முதல் சீசன் 3ஆம் எபிசோடில் ஓஸ் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்கிறான். பின்னாலேயே ஸ்பைக்கும் வருகிறான். ஏஞ்சல் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அதை நசுக்கி உடைத்துவிடுகிறான்.

இதில் தொடர் மாறியது ஒரு பொருள். அதைக் கொண்டுபோன ஆள் யாரென்று திரையில் தெரிகிறது. அது அழிந்ததும் திரையிலேயே தெரிகிறது. அழித்தாக வேண்டியதற்கு எழுத்தாளர் தரப்பில் ஒரு காரணமும் இருக்கிறது. அந்த மோதிரம் மிஞ்சியிருந்தால், வெயிலுக்குப் பயந்து ஒதுங்குகிற நாயகன் என்ற புதுத்தொடரின் அடிப்படையே மூன்றாவது வாரத்தில் போய்விடும். ஒரு தொடரிலிருந்து வருகிற பலமான பொருள் மற்றத் தொடரின் அடிப்படையை உடைக்கும் என்றால், அது அந்த எபிசோடு முடிவதற்குள் போயே ஆக வேண்டும். பஃபியை மட்டும் பார்த்தவருக்கோ மோதிரம் ஓஸின் கையோடு ஊரைவிட்டுப் போனதோடு சரி. அதனால் உங்கள் அட்டவணையில் “மோதிரம் அழிந்தது” ஏஞ்சல் பக்கத்து வரி. பஃபி பக்கத்தில் “ஓஸ் வழியாக அனுப்பப்பட்டது” என்பதோடு நிறுத்துங்கள்.

கயல்விழி

பொருளுக்கு இது புரிகிறது. அழிந்த நாளுக்கு?

சேந்தன்

அங்கேதான் “எபிசோடையே தூக்கிவிடு” என்பது தவறாகப் போகிறது. சம்பவங்களை வரிசையாக வையுங்கள். அதே இரவு முந்தைய மணியில் ஒளிபரப்பான பஃபி 4ஆம் சீசன் 8ஆம் எபிசோடில் ஏஞ்சல் அவளுக்குத் தெரியாமல் அவள் ஊரான சன்னிடேல் வந்து மறைந்திருந்து உதவிவிட்டுப் போகிறான். கடைசியில் பஃபியின் நண்பன் ஸாண்டர் வாய்தவறி அதை உளறிவிடுகிறான். அந்தக் கோபத்தோடுதான் பஃபி ஏஞ்சலின் அலுவலகத்துக்கு வந்து நிற்கிறாள். சண்டை நடக்கிறது, அரக்கன் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். திருப்பப்பட்ட நாள் மறுபடி தொடங்குவது இந்த அறையிலேயேதான். இரண்டாம் முறை அரக்கன் பாய்ந்ததும் ஏஞ்சல் அவன் நெற்றியிலிருக்கிற கல்லை உடைத்து உடனே கொன்றுவிடுகிறான். பஃபி சில வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புகிறாள்.

ஆகவே பஃபி லாஸ் ஏஞ்சலிஸ் வந்தது, வாக்குவாதம் செய்தது, ஓர் அரக்கன் செத்ததைப் பார்த்தது மூன்றும் நடந்தவை. அவை அவளுக்குத் தெரியும், அவள் வரிசையில் வர வேண்டும். ஏஞ்சல் மனிதனானது அவள் வரிசையில் வராது. ஏஞ்சலின் வரிசையில் வரும், ஏனென்றால் நாளைத் திருப்பியவர்கள் ஞாபகத்தை அவனிடம் மட்டும் விட்டுவைத்தார்கள். அடுத்த எபிசோடில் அவன் கூட்டாளி டாய்லுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதே எபிசோடில் டாய்ல் இறந்தும் போகிறான்.

“நடந்தது, ஆனால் ஒருவருக்கு மட்டுமே தெரியும்” என்பதற்கு உங்கள் அட்டவணையில் தனிக் கட்டம் வேண்டும். இல்லையென்றால் பிற்பாடு இருவரும் சந்திக்கிற காட்சிகளில் ஏஞ்சலின் முகத்தில் இருக்கிற கனம் எதற்கென்று வாசகருக்கு விளங்காது.

மருதம்

ஒரு சந்தேகம். நம்ம சீரியல் மகா சங்கமம் மாதிரி ரெண்டு குடும்பத்தையும் ஒரே வீட்டுல கொண்டுவந்து சேர்த்து நீளமா ஓட்டியிருக்காங்களா? நான் ஏஞ்சல் மட்டும் பார்க்கலாம்னு இருக்கேன். சங்கமம் வர்ற எபிசோடைத் தாண்டிப் போனா கதை புரியுமா?

சேந்தன்

அப்படிச் சேர்த்து ஓட்டவில்லை மருதம். முதல் இரண்டு வருஷம் அமெரிக்காவில் இரண்டும் செவ்வாய் இரவு ஒரே சேனலில், ஒன்று முடிந்ததும் மற்றொன்று. ஒவ்வொரு எபிசோடும் தனியாகப் பார்த்தால் புரிய வேண்டும் என்ற கட்டாயத்தோடுதான் எழுதினார்கள். அதனால் தாண்டிப் போவதற்கு எதுவுமில்லை. ஏஞ்சல் மட்டும் பார்த்தாலும் மோதிரம் என்ன செய்யும் என்று அங்கேயே இரண்டு வரியில் சொல்லிவிடுவார்கள்.

தாண்ட முடியாதது இன்னொரு வேட்டைக்காரியான ஃபெய்த்தின் கதை மட்டும். பஃபி 4ஆம் சீசன் 15, 16இல் அவள் பஃபியின் உடலுக்குள் புகுந்து செய்கிற காரியத்தின் விளைவு ஏஞ்சல் முதல் சீசன் 18, 19இல் வருகிறது. முதல் பாதி தெரியாவிட்டால் 19ஆம் எபிசோடில் வந்து நிற்கிற பஃபிக்கு ஏன் அத்தனை கோபம் என்று தெரியாது, அவள் பேசுவது அநியாயமாகப் படும். அந்த இரண்டு பஃபி எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு ஏஞ்சலுக்குப் போங்கள்.

இரவுப்பறவை

ஒருவருக்கு மட்டும் ஞாபகம் என்றதும் என்னுடைய குழப்பம் நினைவுக்கு வந்தது. தி ஃப்ளாஷ் 3ஆம் சீசனில் நாயகன் பேரி காலத்தில் பின்னால் போய் அம்மாவைக் காப்பாற்றுகிறார். பிறகு அதைச் சரிசெய்யப் பார்க்கிறார். திரும்பி வரும்போது அதே உலகத்தில் நடக்கிற ஆரோ தொடரில் டிகிளின் மகள் சாரா இல்லை, அந்த இடத்தில் ஜான் என்ற மகன் இருக்கிறான். ஆரோ மட்டும் பார்க்கிற என் நண்பர் இதைத் தயாரிப்புப் பிழை என்றே முடிவு கட்டிவிட்டார். இதுவும் அதே வகையா?

சேந்தன்

பாதி அதே வகை, பாதி நேரெதிர். ஒத்த விஷயம், பழைய நிலை பேரிக்கு மட்டும் நினைவிருக்கிறது. 3ஆம் சீசன் 2ஆம் எபிசோடில் அவர் ஆரோவின் ஃபெலிசிட்டியிடம் குழந்தை சாராவைப் பற்றிப் பேச, அவருக்கு யாரென்றே தெரியவில்லை. மகன் இருக்கிறான் என்பது அப்போதுதான் பேரிக்கே தெரிகிறது.

வேறுபாடு, ஏஞ்சலில் உலகம் பழையபடியே இருக்கிறது, ஞாபகம்தான் கூடுதல். ஃப்ளாஷில் உலகமே மாறிவிட்டது. அதாவது ஒரு தொடரின் நாயகன் எடுத்த முடிவு, வேறொரு தொடரில் ஏற்கெனவே திரையில் காட்டிய ஒரு குழந்தையை இல்லாமல் ஆக்கியது. அதற்கான காரணத்தைச் சொன்னது குழந்தையை இழந்த தொடர் அல்ல, ஃப்ளாஷ். டிகிளுக்கே விஷயம் தெரிவது 2016 நவம்பர் கடைசியில் வந்த கூட்டு எபிசோடுகளில், அதுவும் ஃப்ளாஷ் பகுதியில்தான். அதுவரை ஆரோ மட்டும் பார்ப்பவர் பிழை என்று நினைப்பதில் அவர் தவறு ஒன்றுமில்லை. விளைவை ஒரு தொடரிலும் காரணத்தை இன்னொன்றிலும் வைத்ததில் வந்த கோளாறு அது. உங்கள் நண்பருக்கு ஃப்ளாஷ் 3ஆம் சீசன் முதல் இரண்டு எபிசோடு போதும். சாரா மறுபடி வருவது 2020 ஜனவரியில், எல்லா உலகங்களும் ஒன்றான பெரிய கூட்டுக்கதைக்குப் பிறகு. ஆரோவின் கடைசி எபிசோடில் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள்.

கயல்விழி

இன்னொரு இடம். 5ஆம் சீசன் கடைசியில் பஃபி இறக்கிறாள். அன்றைக்கே, 2001 மே 22, ஏஞ்சல் 2ஆம் சீசன் கடைசிக் காட்சியில் எல்லோரும் சிரித்துக்கொண்டு ஹோட்டலுக்குள் வர, பஃபியின் தோழி வில்லோ உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாய் திறக்கவே இல்லை, ஏஞ்சலுக்குப் புரிந்துவிடுகிறது. இது தெளிவாகக் கடந்து போன செய்தி. ஆனால் பஃபி உயிர்த்தெழுந்த பிறகு அவளும் ஏஞ்சலும் சந்தித்த காட்சி எந்த எபிசோடில் என்று தேடித்தேடிக் கிடைக்கவில்லை. நான் ஏதாவது விட்டுவிட்டேனா?

தொடர்பித்தன்

அது எடுக்கவே இல்லைங்க. 2001ல பஃபி வேற சேனலுக்குப் போயிருச்சு. உரிமை அவங்களுக்குப் போனதால ஏஞ்சல்ல அந்தப் பாத்திரங்களைக் காட்ட முடியாது. காப்புரிமைப் பிரச்சினை.

சேந்தன்

எடுக்கவில்லை என்பது சரி, காரணம் அதுவல்ல. பஃபி டபிள்யூ.பி.யிலிருந்து யு.பி.என்.னுக்குப் போனது, ஏஞ்சல் டபிள்யூ.பி.யிலேயே இருந்தது. ஆனால் இரண்டையும் தயாரித்தது ஒரே ஸ்டுடியோ, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் டெலிவிஷன். பாத்திரங்களின் உரிமை கைமாறியிருந்தால் 2003இல் வில்லோ ஏஞ்சலுக்கு வந்திருக்க முடியாது, ஏஞ்சலும் பஃபியின் கடைசி எபிசோடுகளில் தோன்றியிருக்க முடியாது. தடை சேனல் தரப்பில். போட்டிச் சேனலின் தொடரைப் பார்க்கச் சொல்லி எந்தச் சேனலும் தன் பார்வையாளரை அனுப்பாது.

அந்தச் சந்திப்பை எழுத்தாளர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதைத் தேதியோடு பாருங்கள். 2001 அக்டோபர் 15, திங்கள்: ஏஞ்சல் 3ஆம் சீசன் 4ஆம் எபிசோடு முடிகிற இடத்தில் பஃபி உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி தொலைபேசியில் வருகிறது. மறுநாள் செவ்வாய்: பஃபி 6ஆம் சீசன் 4ஆம் எபிசோடு முடிகிற இடத்தில் அவளுக்கு ஏஞ்சலிடமிருந்து அழைப்பு வருகிறது, அவனைப் பார்க்க உடனே கிளம்பிவிடுகிறாள். அடுத்த திங்கள், அக்டோபர் 22: ஏஞ்சல் 3ஆம் சீசன் 5ஆம் எபிசோடு, சந்திப்பு முடிந்து அவன் திரும்பிவிட்டான். இரண்டு பக்கமும் சந்திப்பின் முன்னும் பின்னும் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. என்ன பேசிக்கொண்டார்கள் என்று இரண்டு தொடரும் காட்டவில்லை. ஆகவே “சந்தித்தார்கள்” என்று எழுதலாம். இடம், பேச்சு எதையும் நிரப்பாதீர்கள்.

இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. மற்றத் தொடரைப் பார்க்காதவருக்கும் கதை அறுந்துபோகவில்லை, பார்த்தவருக்கு மூன்று எபிசோடும் சரியாகப் பொருந்துகின்றன.

இரவுப்பறவை

அப்படியானால் தொலைபேசி வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாக அர்த்தமா? தோழிகள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

சேந்தன்

வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத் தொடரிலேயே ஆதாரம் இருக்கிறது. ஹார்மனி காட்டேரியானது 1999 அக்டோபரிலேயே சன்னிடேல்காரர்களுக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் கழித்து, 2001 ஏப்ரலில், ஏஞ்சல் 2ஆம் சீசன் 17இல் அவள் ஏஞ்சலோடு வேலை செய்கிற பழைய தோழி கோர்டீலியா வீட்டுக்கே வந்து தங்குகிறாள். கோர்டீலியாவுக்குத் தெரியாது. வில்லோவுக்குப் போன் போட்ட பிறகுதான் தெரிகிறது. இவ்வளவு பெரிய விஷயமே ஒன்றரை வருஷம் போய்ச் சேரவில்லை என்றால், சொல்லப்படாத எதையும் தெரிந்ததாகக் கொள்ள முடியாது. யாராவது சொன்னதாக, அல்லது பின்னால் அவரே குறிப்பிட்டதாகத் திரையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

வெண்பனி

எல்லோரும் இரண்டு தொடருக்குள்ளேயே நிற்கிறீர்கள். தகவல் தொடர்விட்டுத் தொடர் போவது உண்மையென்றால் அது சங்கிலியாகப் போகும். ‘செயின்ட் எல்ஸ்வேர்’ 1988இல் முடிந்தபோது அந்த மருத்துவமனை முழுவதும் டாமி வெஸ்ட்ஃபால் என்ற சிறுவனின் கற்பனை என்று காட்டினார்கள். அதன் டாக்டர் ஒருவர் பிறகு ‘ஹோமிசைடு’ தொடரில் வருகிறார். ஹோமிசைடின் துப்பறிவாளர் மன்ச் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ உட்படப் பல தொடர்களில் வருகிறார். ஆகவே அவையெல்லாமும் அந்தச் சிறுவனின் கற்பனைதான். இதை மறுக்க உங்கள் விதியில் இடமிருக்கிறதா?

சேந்தன்

இருக்கிறது என்றே நினைக்கிறேன். மன்ச் வரும்போது அவரோடு வருவது அவர் பெயர், வேலை, குணம், அவருக்குத் தெரிந்தவை. அவர் வந்த தொடர் பெற்றுக்கொண்டது அவ்வளவுதான். கற்பனை என்ற செய்தியை ஹோமிசைடில் யாரும் சொல்லவில்லை, எக்ஸ் ஃபைல்ஸில் யாரும் அறியவில்லை. கொடுக்கிற தொடர் என்ன சொன்னாலும், வாங்குகிற தொடர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது மட்டுமே கணக்கு.

வெண்பனி

ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் சொல்வது யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்குப் பொருந்தும். இது முதல் கேள்வி, நடந்ததா இல்லையா என்பது. கனவுக்குள் இருக்கிறவருக்கு அது கனவென்று தெரிய வேண்டியதில்லையே. மோதிரம் உடைந்தது பஃபி தொடரில் யாருக்கும் தெரியாவிட்டாலும் உடைந்தது உடைந்ததுதான் என்று மேலே நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

சேந்தன்

இது நியாயமான அடி. மோதிரத்துக்கும் கனவுக்கும் வேறுபாடு இருப்பதாகத்தான் படுகிறது. மோதிரம் இரண்டு தொடர்களிலும் திரையில் இருந்தது, கனவு ஒன்றில் மட்டும். ஆனால் அது முழுப் பதிலல்ல. யோசித்து எழுதுகிறேன்.

கயல்விழி

அது ஓடட்டும். இதுவரை சொன்னதை வைத்து நான் மாற்றிய வரிகள். ஒவ்வொன்றிலும் எங்கே நடந்தது, யார் கொண்டுபோனார், யாருக்குத் தெரியும் என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறேன்.

மோதிரம்: சன்னிடேலில் கிடைத்தது, ஓஸ் கொண்டுபோனான், உடைத்தது ஏஞ்சல் தரப்புக்குத் தெரியும், பஃபிக்குக் குறிப்பில்லை.

மனிதனான நாள்: லாஸ் ஏஞ்சலிஸ்; கொண்டுபோனவர் இல்லை; ஏஞ்சலுக்கும் டாய்லுக்கும் மட்டும்.

தாயத்து: ஏஞ்சல் 4ஆம் சீசன் முடிவில் எதிரி நிறுவனத்து லைலா ஏஞ்சலிடம் கொடுத்தது, அவனே சன்னிடேலுக்குக் கொண்டுவந்தான், பஃபிக்குத் தெரியும். அதை அணிந்து ஸ்பைக் எரிந்துபோனது 2003 மே 20.

தாயத்தில் சரியா? அந்த அக்டோபரில் ஏஞ்சல் 5ஆம் சீசன் தொடக்கத்தில் அதிலிருந்தே ஸ்பைக் மறுபடி வெளிப்படுகிறான், அது என் எல்லைக்கு வெளியே.

சேந்தன்

தாயத்தில் ஒன்றைப் பிரித்து எழுதுங்கள். பொருள் பஃபிக்கு வந்து சேர்ந்தது, ஆனால் அது எந்த விலைக்கு வந்தது என்பது வரவில்லை. ஏஞ்சல் தன் மகன் கானருக்காக எதிரி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட அதே எபிசோடில்தான் தாயத்தும் கைக்கு வருகிறது. கானரைப் பற்றி அவன் பஃபியிடம் சொல்வதாகக் காட்சி இல்லை. ஒரே கட்டத்தில் எழுதினால் அவளுக்கு ஒப்பந்தமும் தெரியும் என்று அர்த்தமாகிவிடும்.

கயல்விழி

பிரித்துவிட்டேன். இன்னும் ஒரே ஓட்டை. பஃபி 5ஆம் சீசன் 17இல், அம்மாவை அடக்கம் செய்த அன்று இரவு ஏஞ்சல் வந்து அவளோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறான். கோர்டீலியா ஹார்மனிக் கதை அதே செவ்வாயில் ஒளிபரப்பானது. அந்த இரவை ஏஞ்சல் வரிசையில் எதற்கு முன் வைப்பது, ஹார்மனிக்கு முன்பா பின்பா?

தொடர்பித்தன்

முன்னாடி வைங்க. பஃபிதான் முதல் மணியில ஓடிச்சு.

இரவுப்பறவை

ஒளிபரப்பான வரிசையும் கதை நடந்த வரிசையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? ஹார்மனிக் கதை ஓரிரு நாளில் முடிகிற மாதிரி இருக்கிறது, அடக்கம் எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தைத் தேதியில்லாமல் விட்டு “2ஆம் சீசன் 17ஐ ஒட்டி” என்று மட்டும் போடுங்கள். வேறு யாருக்காவது திரையிலிருந்து ஒரு வரி கிடைத்தால் இங்கே இடுங்கள்.